அடி நெளிந்த தாச்சி: கேஸில் ஒரு குறை, இண்டக்ஷனில் இன்னொரு குறை

2022 கேஸ் தட்டுப்பாட்டின்போது இண்டக்ஷன் அடுப்பு வாங்கிய வீடுகளில், "இதில் எதுவும் சீக்கிரம் வேகுதில்லை" என்ற பேச்சு இன்னும் கேட்கிறது. அடுப்பை மாற்றுவதற்கு முன் தாச்சியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

கேஸில் நெளிவு அவ்வளவு கெடுப்பதில்லை. நெருப்பு பள்ளத்துக்குள்ளும் ஏறிவிடும். அங்கே மெல்லிய அடிதான் வில்லங்கம். எவர்சில்வர் வெப்பத்தைக் கடத்துவது அலுமினியத்தைவிடச் சுமார் 15 மடங்கு குறைவு. அதனால் நெருப்புப் படும் இடம் மட்டும் கொதித்து, பக்கத்தில் சூடு பரவாது. தேங்காய் ரொட்டியில் வட்டமாக ஒரு கருகல் விழும், நடுவில் மா பச்சையாகவே இருக்கும். சந்தேகமிருந்தால் உலர்ந்த தாச்சியில் ஒரு கரண்டி கோதுமை மாவை மெல்லியதாகப் பரப்பி நடுத்தரத் தீயில் வையுங்கள். எங்கே முதலில் சிவக்கிறதோ அங்கேதான் ரொட்டியும் கருகும். நொன்ஸ்டிக் தாச்சியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், வெறுமையாகச் சூடேறினால் பூச்சு கெடும்.

இண்டக்ஷனில் கதை வேறு. கண்ணாடிக்குக் கீழுள்ள கம்பிச்சுருள் தாச்சியின் அடியிலேயே சூட்டை உண்டாக்குகிறது. அடி விலக விலக அந்தச் சக்தி குறையும். மலிவான அடுப்புகளின் திரையில் 1200 என்று இருந்தாலும், அது நாம் கேட்ட அளவுதான், தாச்சிக்குள் போகும் அளவு அல்ல. இதையும் சோதிக்கலாம். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவில் கொதிக்கும். ஒரு லீட்டர் குழாய்த் தண்ணீரை மூடி போட்டு 1200 வாட்டில் வைத்தால், தட்டையான அடியுள்ள பாத்திரத்தில் ஐந்தரை, ஆறு நிமிடத்தில் கொதிக்க வேண்டும். எட்டு, ஒன்பது என்று இழுத்தால், முதலில் அடியைச் சந்தேகியுங்கள்.

கண்ணாடியின் நடுவில், கீழே ஒரு வெப்ப உணரியும் இருக்கிறது. அடி மேல்நோக்கி வளைந்திருந்தால் அதற்குச் சூடு தாமதமாகவே தெரியும், அதற்குள் எண்ணெய் புகைந்துவிடும். கீழ்நோக்கி உப்பியிருந்தால் தாச்சி சுழலும், எண்ணெய் ஓரத்துக்கு ஓடும்.

ஆறிய தாச்சியைக் கவிழ்த்து அடிமட்டத்தைக் குறுக்கே வையுங்கள். இடைவெளியில் ஒரு ஏடிஎம் அட்டை நுழைந்தால் சமாளிக்கலாம். இரண்டு சேர்ந்து நுழைந்தால் இண்டக்ஷனுக்கு அது சரிவராது. சில தாச்சிகள் ஆறியபோது நேராக இருந்து, சூடானதும் வளையும். அடுப்பில் வைத்து மெல்லச் சுழற்றிப் பார்த்தால் தெரியும்.

அலுமினியத்தில் துளைபோட்ட ஸ்டீல் தகடு பதித்த நொன்ஸ்டிக் தாச்சிகளே அதிகம் நெளிகின்றன. அலுமினியம் ஸ்டீலைவிட அதிகமாக விரியும். வெறும் தாச்சியை 1800 வாட்டில் வைத்து, சுடச்சுட மலைநாட்டுக் குளிர் தண்ணீரில் பிடித்தால் ஒரே நாளில் வளைந்துவிடும். 500 வாட்டில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டுக் கூட்டுங்கள், கழுவுமுன் ஆறவிடுங்கள். மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது ஒற்றை உலோகத் தாச்சிக்கு மட்டுமே சரி, அதுவும் பெரும்பாலும் திரும்ப வளையும். தகடு பதித்ததைத் தட்டினால் தகடு கழன்றுவிடும்.

நெளிந்ததை வீச வேண்டியதில்லை. கேஸில் பருப்பு அவிக்க, குழம்பு சூடாக்க அது தாராளமாகப் போதும்.