பிழைதிருத்தி, கையெழுத்தறிதல், ஓலைச்சுவடி: எதை எடுக்கலாம்?

தமிழ்க் கணிமையில் ஒரு வேலையைக் கையில் எடுப்பது என்று நண்பர்கள் மூவர் உட்கார்ந்தபோது, எங்கள் முன் பிழைதிருத்தி, கையெழுத்தைக் கணினியே படித்தறிதல், ஓலைச்சுவடியைப் படித்தறிதல் என்ற மூன்றும் இருந்தன. பிழைதிருத்தியை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே எடுப்பேன்.

பயன், உழைப்பு, ஆர்வம் ஆகியவற்றில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: வெளியிட்ட பிறகு ஒருவர் வந்து "இது தவறு" என்றால், அதைச் சரிசெய்ய யார் வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கையெழுத்தறிதலில் இதற்கு நல்ல விடை இல்லை. தமிழின் 247 எழுத்துகளையும் கற்பிக்க வேண்டியதில்லை. 156 வடிவங்கள் போதும் என்ற கணக்கில், தனித்தனி எழுத்துகளின் மாதிரித் தொகுப்பு 2006 வாக்கிலேயே வந்துவிட்டது. ஆனால் 'ழு'வை 'மு' என்று கருவி படித்தால் ஒரு வரியைத் திருத்தி முடிக்க முடியாது. புதிய மாதிரிகளைத் திரட்டி மறுபடி பயிற்றுவிக்க வேண்டும். அதில் வேறோர் எழுத்து கெட்டுப்போகலாம்.

ஓலையில் சிக்கல் இன்னும் ஆழமானது. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வேறுபாடு கிடையாது. 'கொடு', 'கோடு' இரண்டும் ஒரே வடிவில்தான் இருக்கும். காலும் ரகரமும்கூட ஒன்றுபோலவே தெரியும். எது சரி என்று தீர்ப்பது கண் அல்ல, நூலறிவு. திருத்துவதற்கு ஒரு புலவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஓலையில் என் அனுபவம், ஒரு வீட்டு வைத்தியச் சுவடியின் சில ஏடுகளைப் படமெடுத்ததோடு சரி. அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பிழைதிருத்திக்கு வருகிறேன். நாங்கள் எடுத்தது ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி நிரல். லிப்ரெஆஃபிஸும் பயர்பாக்ஸும் பயன்படுத்துவது அதுதான். `.dic` கோப்பில் வேர்ச்சொற்கள் இருக்கும், `.aff` கோப்பில் விகுதி விதிகள் இருக்கும். முதலில் 'வீடு, வீட்டை' என்பதற்காக, 'டு' என்று முடிந்தால் 'ட்டை' ஆக்கு என்று ஒரே விதி எழுதினோம். சோதித்தபோது 'வண்டை' என்ற சரியான சொல்லின் கீழ் சிவப்புக்கோடு விழுந்தது. 'வண்ட்டை' தடையின்றிப் போயிற்று. அன்று நன்னூலைத் திறந்தோம். நெடில்தொடரிலும் உயிர்த்தொடரிலும் வரும் குற்றியலுகரத்தில்தான் டகர றகர ஒற்று இரட்டிக்கும். கணினி மொழியில் சொன்னால், 'டு'வுக்கு முன் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்:

```
SFX V Y 2
SFX V டு ட்டை [^்]டு
SFX V டு டை [்]டு
```

அகராதிக் கோப்பில் `வீடு/V`, `வண்டு/V` என்று குறிக்கிறோம். வீடு, நாடு, தகடு முதல் விதியில் விழுகின்றன. வண்டு, பாட்டு இரண்டாவதில் விழுகின்றன. கடன் சொல்லான 'கார்டு'கூட 'கார்டை' என்று சரியாக வருகிறது. முதல் வரியின் முடிவிலுள்ள 2 விதிகளின் எண்ணிக்கை; மூன்றாவது விதி சேர்த்துவிட்டு அதை 3 ஆக்க மறந்தால் கோப்பு சரியாகப் படிக்கப்படாது. இந்தத் திருத்தம் முழுவதும் ஒரு மாலை நேர வேலை. இலக்கணம் தெரிந்த ஒரு தமிழாசிரியரே விதியைப் படித்துச் சரிபார்க்கலாம். நான் பிழைதிருத்தியின் பக்கம் சாய்வது இதனால்தான்.

குறை இல்லாமல் இல்லை. 'மடு' முற்றியலுகரம், 'மடுவை' என்றுதான் வர வேண்டும். தவறி அதற்கு V குறி இட்டுவிட்டால் 'மட்டை' பிறக்கும். அதுவும் நல்ல தமிழ்ச்சொல் என்பதால் கோடு விழாது, யாருக்கும் தெரியாது. ஆகவே தனிக்குறிலை அடுத்து 'டு' வரும் சொற்களை வேறாகப் பிரித்துக் கையால் குறித்தோம். அதைவிடப் பெரிய வரம்பு ஒற்று மிகுதல். ஹன்ஸ்பெல் ஒவ்வொரு சொல்லாகத்தான் பார்க்கும். 'வீட்டைப் பார்த்தேன்' என்பதில் 'ப்' வேண்டுமா என்பது அடுத்த சொல்லைப் பொறுத்தது. அதனால் வீட்டை, வீட்டைக், வீட்டைச், வீட்டைத், வீட்டைப் ஐந்தையும் சரி என்று விட்டுவிட வேண்டியிருக்கிறது. தமிழில் எழுதுபவர்கள் அதிகம் தடுமாறும் இடத்தில் இந்தக் கருவி வாய் திறப்பதில்லை. அதற்கு வாக்கியத்தைப் பார்க்கும் தனி நிரல் தேவை. அதை நாங்கள் இன்னும் தொடங்கவில்லை.

வீட்டில் சுவடிக் கட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் என் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். பிழைதிருத்தியை அடுத்த ஆண்டும் தொடங்கலாம். ஒடிந்த ஏட்டை ஒட்ட முடியாது. படிப்பது பிறகு ஆகட்டும், ஒவ்வோர் ஏட்டையும் இரு பக்கமும், வரிசை எண்ணோடு, அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இப்போதே படமெடுத்துவிடுங்கள்.