ஜூம் இன் அழகு, ஜூம் அவுட் மட்டும் ஏன் முட்டி நிற்கிறது?

நண்பர் ஒருவர் தான் செய்த வீடியோவை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "ஜூம் இன் நல்லா இருக்கு. அதையே திருப்பிப் போட்டா கடைசியில முட்டி நிக்குது. ரெண்டுக்கும் F9 தானே அடிச்சேன்?" ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் இதே எரிச்சலோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. கீஃப்ரேம் வைப்பது எப்படி என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

முதலில் F9-க்குச் சேர வேண்டிய நல்ல பெயரைக் கொடுத்துவிடுகிறேன். மெல்லக் கிளம்பி மெல்ல நிற்க வைப்பதுதான் ஈசிங், அதற்கான ஷார்ட்கட்தான் F9. ஈசிங் இல்லாத கீஃப்ரேம் முதல் பிரேமிலேயே முழு வேகத்தில் கிளம்பி, கடைசி பிரேமில் அப்படியே நின்றுவிடும். F9 அடித்தால் இரண்டு முனையிலும் வேகம் பூஜ்ஜியமாகி, அந்த மென்மை எவ்வளவு நேரத்துக்குப் பரவுகிறது என்பதைச் சொல்லும் Influence 33.33% ஆகிறது. கணக்குப் போட்டால் இந்த வளைவின் உச்ச வேகம் சராசரி வேகத்தைப் போல ஒன்றரை மடங்குதான், அதுவும் சரியாக நடுவில். இவ்வளவு அடக்கமான வளைவு என்பதால்தான் பெரும்பாலான இடங்களில் கண்ணுக்கு உறுத்துவதில்லை. ஒரு போட்டோவை 100-லிருந்து 120-க்கு மெல்லப் பெரிதாக்கும்போதும், தலைப்பு ஒன்றைப் பக்கவாட்டில் நகர்த்தும்போதும் நான் F9-ஐத் தாண்டி எதையும் தொடுவதில்லை.

இது போதாதென்று Influence-ஐ இரண்டு பக்கமும் 80% வரை இழுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது உச்ச வேகம் சராசரியைப் போல ஐந்து மடங்கு ஆகிவிடுகிறது. அரை நொடியில் முடிகிற வெட்டு மாதிரியான நகர்வுக்கு அது பொருந்தும். மூன்று நொடி ஜூமில் அதைச் செய்தால் முதலில் தூக்கம், நடுவில் ஒரு பாய்ச்சல், அப்புறம் மறுபடி தூக்கம்.

சரி, ஜூம் அவுட்டுக்கு வருவோம். நண்பரின் கேஸையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்கேல் 400-லிருந்து 100-க்கு இறங்குகிறது. எடுத்துக்கொள்ளும் நேரம் 24 பிரேம். F9 அடித்துவிட்டு ஆறு ஆறு பிரேமாகத் தள்ளிப் பார்த்தால் ஸ்கேல் 400, 353, 250, 147, 100 என்று வரும். எண்ணைக் கழித்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்குதான்: 47, 103, 103, 47. ஆனால் கண் கழித்துப் பார்ப்பதில்லை, வகுத்துப் பார்க்கிறது. படம் எத்தனை மடங்கு சுருங்கியது என்பதைத்தான் அது வேகமாக உணர்கிறது. அப்படி வகுத்தால் முதல் ஆறு பிரேமில் 1.13 மடங்கு, அடுத்ததில் 1.41, அப்புறம் 1.70, கடைசி ஆறில் 1.47. அதாவது சோம்பலாகக் கிளம்பி, போகப்போக வேகம் பிடித்து, நிற்க வேண்டிய நேரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தம் வந்ததும் கடைசி நிமிடத்தில் பிரேக் மிதிக்கிற பஸ் மாதிரி. ஜூம் இன்னில் இதே எண்கள் தலைகீழாக வருகின்றன. வேகமாகக் கிளம்பி மெல்ல நிற்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை என்பதால் அங்கே குட்டு வெளிப்படுவதில்லை.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு எண்தான். கடைசி கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+K அடித்தால் Keyframe Velocity பெட்டி திறக்கும். அதில் Incoming Velocity பூஜ்ஜியமாகவே இருக்கட்டும், Influence-ஐ மட்டும் 60 ஆக்குங்கள். முதல் கீஃப்ரேமின் 33.33-ஐத் தொட வேண்டாம். இப்போது அதே ஆறு ஆறு பிரேமில் ஸ்கேல் ஏறக்குறைய 400, 335, 198, 121, 100. மடங்குகள் 1.19, 1.69, 1.64, 1.21. கிளம்புவதும் நிற்பதும் கிட்டத்தட்ட ஒரே மென்மையில் வந்துவிட்டன. முதல் தடவை இதைச் செய்துவிட்டு ப்ளே பண்ணியபோது வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. ஒரே பெட்டியில் ஒரே எண்ணை மாற்றியதற்கு இவ்வளவு வித்தியாசமா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

60 என்பது நான்கு மடங்கு ஜூமுக்கான எண். 200-லிருந்து 100-க்கு என்றால் 45-லிருந்து 50-க்குள் வைத்தால் போதும். 120, 130 மாதிரி சின்ன ஜூமுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். ஜூம் இன்னையும் இதே சமத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பக்கம் மாறும்: முதல் கீஃப்ரேமின் Outgoing Influence 60, கடைசியில் 33.33.

இதில் ஒரு பொறி இருக்கிறது. திரையின் மூலையில் இருக்கும் ஒரு பட்டனை நடுவில் காட்டிவிட்டு ஜூம் அவுட் ஆகிறோம் என்றால் ஸ்கேலோடு பொசிஷனுக்கும் கீஃப்ரேம் இருக்கும். ஸ்கேலில் 60 போட்டுவிட்டு பொசிஷனை 33.33-லேயே விட்டுவிட்டால், பாதி நேரம் வரை அந்தப் பட்டன் திரை நடுவிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மீதிப் பாதியில் விழுந்தடித்துக்கொண்டு தன் இடத்துக்கு ஓடும். ஸ்கேல் முன்னால் போய்விட, பொசிஷன் பின்தங்குவதுதான் காரணம். இரண்டுக்கும் ஒரே எண்களைக் கொடுத்துவிட்டால் பட்டன் பின்வாங்காமல், தயங்காமல் நேர்கோட்டில் போகும். "என் ஜூம் ஏதோ வழுக்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

மெனுவில் Exponential Scale என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது மடங்குக் கணக்கைச் சரியாகவே செய்கிறது. ஆனால் ஒவ்வொரு பிரேமிலும் ஒரு கீஃப்ரேமைக் கொட்டிவிடுகிறது, ஈசிங்கும் தருவதில்லை. சீரான வேகத்தில் போய், இரண்டு முனையிலும் வெட்டியதுபோல் நிற்கும். அப்புறம் ஜூமை நாலு பிரேம் நீட்ட வேண்டும் என்றால் அந்தக் குவியலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இப்போது என் நிரந்தர எரிச்சல். மொத்த டைம்லைனையும் தேர்ந்தெடுத்து F9 அடிக்கிற பழக்கம் கையில் ஊறிப்போன ஒன்று. அடித்த நொடியில், பொறுக்கிப் பொறுக்கி வைத்த 60 எல்லாம் சத்தமில்லாமல் 33.33-க்குத் திரும்பிவிடும். திரையில் கீஃப்ரேமின் வடிவம் முன்பு இருந்த அதே மணற்கடிகாரம்தான். பார்த்தால் எதுவும் மாறியதாகவே தெரியாது. ப்ளே பண்ணி, கடைசியில் படம் முட்டி நிற்கும்போதுதான் தெரியும். அப்புறம் ஒவ்வொரு கீஃப்ரேமாகப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

ஈசிங் இல்லாமல் என்னால் வேலை செய்ய முடியாது, அது உண்மை. இருந்தாலும் நண்பருக்கு நான் அனுப்பிய பதில் இது: ஜூம் இன்னுக்கு F9 அடி, அதோடு விடு. பெரிய ஜூம் அவுட்டைத் தூக்கிவிட்டு, நேராக முழுப் படத்துக்கு கட் பண்ணிவிடு.