ஆன்டிபயாடிக் சிரப் வாங்கும்போது பாட்டிலில் உள்ள மி.கி.யைப் பார்த்து வாங்குங்கள்

ஒன்றேகால் வயதுப் பையனுக்குச் சளி பிடித்து, அது காதுக்குப் போய்விட்டது. ராத்திரியெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுகை, நல்ல காய்ச்சல். குழந்தை டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கிறது, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று சொல்லி அமாக்ஸிசிலின் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னால் எடை போட்டார். சரியாக 10 கிலோ.

டாக்டர் போட்ட கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் மெடிக்கலில் நடந்தது புரியாது. காதுச் சீழுக்கு இந்த மருந்தைக் கொஞ்சம் தூக்கலாகவே கொடுக்கிறார்கள், ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 90 மி.கி. வரை. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சீழுக்குள் மருந்து போதுமான அளவு போய்ச் சேர வேண்டும், கொஞ்சம் எதிர்ப்புள்ள கிருமியும் அடங்க வேண்டும் என்பதற்காக. 10 கிலோ பையனுக்கு 90 வீதம் 900 மி.கி., காலை 450, இரவு 450. அவர் எழுதியது 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப். அதாவது ஒரு மில்லியில் 50. 450ஐ 50ஆல் வகுத்தால் 9 மில்லி. சீட்டில் மருந்தின் பெயர், 250 மி.கி./5 மில்லி, 9 மில்லி இரு வேளை, 10 நாள் என்று தெளிவாக இருந்தது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பொதுவாகப் பத்து நாள் சொல்வார்கள்.

எங்கள் ஏரியா மெடிக்கலில் சீட்டைக் கொடுத்தேன். பெட்டியை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அட்டையில் "2 ஸ்பூன், 2 வேளை" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். வேறு பெயராக இருக்கிறதே என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற, தைரியமா குடுங்க" என்றார். மருந்து ஒன்றுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அவர் கொடுத்தது 125 மி.கி./5 மில்லி. ஒரு மில்லியில் 25 மி.கி.தான். நான் வீட்டில் சீட்டில் இருந்தபடி 9 மில்லி கொடுத்தேன், உள்ளே போனது 225 மி.கி. டாக்டர் சொன்னதில் நேர் பாதி.

காய்ச்சல் இறங்கியபாடில்லை, அழுகையும் நிற்கவில்லை. காதுச் சீழுக்குச் சரியான அளவில் மருந்து போனால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் வலியும் தணிய ஆரம்பிக்கும், தணியவில்லையென்றால் திரும்ப வாருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். போனோம். அவர் காதைப் பார்க்கும் முன்னால் கேட்டது பாட்டிலைத்தான். லேபிளைத் திருப்பிப் பார்த்தவர், "இதை யார் மாத்திக் கொடுத்தது?" என்றார். மருந்து வேலை செய்யவில்லையென்று வேறு பெரிய ஆன்டிபயாடிக்குக்குத் தாவியிருப்பார், பாட்டிலை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தால். காதுக்குப் பின்னால் எலும்பில் வீக்கமோ, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பதோ இல்லை என்று தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அப்படி ஏதாவது தெரிந்தால், அல்லது குழந்தை துவண்டு கிடந்தால், மணிக்கணக்குப் பார்க்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதே தவறு மறுபக்கமாக நடந்திருந்தால், 125க்கு எழுதிய மில்லியை 250 பாட்டிலில் இருந்து கொடுத்திருந்தால், இரண்டு மடங்கு போயிருக்கும். மில்லி என்பது வெறும் தண்ணீர் அளவு, மருந்து எவ்வளவு என்று அது சொல்லாது. ஆகவே சீட்டில் மில்லியோடு மி.கி.யும் இருக்கிறதா என்று டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள், கடையில் பாட்டிலைக் கையில் வாங்கி "5 மில்லியில் எத்தனை மி.கி." என்ற வரி சீட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் நீங்களாக இரட்டிப்பாக்கிக் கொடுக்க வேண்டாம், டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். காய்ச்சல் சிரப்பான பாராசிட்டமாலிலும் இதே வம்புதான், சொட்டு மருந்து, 125, 250 என்று மூன்று வீரியத்தில் விற்கிறார்கள்.

அந்த "2 ஸ்பூன்" இருக்கிறதே, அது இன்னொரு அநியாயம். வீட்டு ஸ்பூன் ஒன்று மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்று ஆறேழு பிடிக்கும். மூடியோடு வரும் குட்டிக் கப்பில் 2.5, 5, 7.5, 10 என்றுதான் கோடு, 9க்குக் கோடே கிடையாது. டாக்டரின் நர்ஸ் காட்டிக் கொடுத்தது 10 மில்லி சிரிஞ்சு, ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு. பாட்டிலை அடியில் பவுடர் ஒட்டாதபடி நன்றாகக் குலுக்கி, கப்பில் கொஞ்சம் ஊற்றி, சிரிஞ்சால் இழுத்து, காற்றுக் குமிழியை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரின் முனை விளிம்பு 9 கோட்டில் வரும்படி கண் மட்டத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். ஊசியையும் சிரிஞ்சின் மூடியையும் குழந்தை கைக்கு எட்டாமல் அப்போதே அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாவது முறை வேறு கடையில் வாங்கினேன். ஒரு நாளைக்கு 18 மில்லி, பத்து நாளைக்கு 180 மில்லி, 60 மில்லி பாட்டில் மூன்று. முதல் கடைக்காரர் ஒரே ஒரு பாட்டில் கொடுத்து "இது போதும்" என்றிருந்தார், அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அது. புதுக் கடையில் மூன்றையும் கலக்கித் தரட்டுமா என்றார்கள், வேண்டாம் என்றேன். தண்ணீர் கலந்தபின் பல பிராண்டுகளை ஏழு நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று லேபிளே சொல்கிறது. ஒரு பாட்டில் மூன்று நாளைக்குச் சொச்சம் வரும், மூன்றாவதைத் திறக்கும்போதே ஏழாவது நாள் வந்துவிடும். தேவைப்படும்போது நாமே கலக்கலாம்: காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோட்டுக்குக் கீழே வரை ஊற்றி, மூடிக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்க வேண்டும். கோட்டைத் தாண்டி 70 மில்லியாக நிரப்பிவிட்டால் 9 மில்லியில் 450க்குப் பதில் 386 மி.கி.தான் இருக்கும்.

பழைய கடைக்கு பில்லோடு போய்க் கேட்டேன். "ஸ்டாக் இல்லைம்மா, அதான்" என்றார்கள், மன்னிப்பெல்லாம் கிடையாது. அமாக்ஸிசிலின் அட்டவணை எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து. சீட்டில் எழுதிய அட்டவணை எச் மருந்துக்குப் பதிலாக, அதே மருந்தே உள்ள வேறு தயாரிப்பைக்கூடக் கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது என்று 1945 மருந்து விதிகளின் 65ஆம் விதி சொல்கிறது. பில், பாட்டில், சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்து எங்கள் பகுதி மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் பில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள், அது இல்லாமல் புகார் நிற்காது.