வேர்க்குருவுக்குப் பவுடரா, காலமைன் லோஷனா?

கழுத்தின் பின்புறத்திலும் முதுகின் மேல்பாதியிலும் வேர்க்குரு அள்ளிப் போட்டிருந்தது. கையில் இரண்டு மருந்து இருந்தன. இடது பக்கம் மென்தால் கலந்த பவுடர், வலது பக்கம் காலமைன் லோஷன் என்று பிரித்துக்கொண்டு எட்டு நாள் பார்த்தேன். இப்போது நான் லோஷன் பக்கம்.

பூசிய உடனே கிடைக்கும் சுகத்தில் பவுடர்தான் முந்துகிறது. மென்தாலின் குளிர்ச்சி சட்டென்று தெரியும், சட்டையில் கறை படாது, கண்ணாடி முன் நின்று தானே தூவிக்கொள்ளலாம். லோஷனை முதுகில் பூச இன்னொருவர் கை வேண்டும். காய்ந்ததும் இளஞ்சிவப்புப் பொடியாக உதிர்ந்து உள்சட்டையில் ஒட்டும். இதெல்லாம் சரிதான்.

எனக்குத் தீர்ப்புச் சொன்னது வேறொன்று: பூசிய பிறகு மறுபடியும் வியர்க்கும்போது என்ன நடக்கிறது என்பது. வேர்க்குரு வருவதே வியர்வை வெளியேறும் துளை அடைபடுவதால்தான். வியர்வையில் ஊறிக்கொண்டே இருக்கும் மேல்தோல் உப்பி, துளையின் வாயை மூடிவிடுகிறது. உள்ளே சுரக்கும் வியர்வைக்கு வழி இல்லாமல் தோலுக்குள்ளேயே கசிகிறது. ஊசி குத்துவது போன்ற அந்த அரிப்பும் சிவந்த பொரியும் அதன் விளைவு. ஆகவே தோல் ஈரமாகவே கிடக்கவும் கூடாது, துளை மேல் எதுவும் அப்பிக்கொள்ளவும் கூடாது.

பவுடர் தோற்றது இங்கேதான். உலர்ந்த தோலில், காற்றோட்டம் இருக்கும் முதுகில், அது ஒழுங்காகவே இருந்தது. கழுத்து மடிப்பில் ஒரு மணி நேரம் வியர்த்ததும் குழைந்து மாவுபோல் ஆனது. அரிப்பு தாங்காமல் அதன் மேலேயே மறுபடி தூவினேன், அதுவும் குழைந்தது. மூன்றாம் நாள் மடிப்பில் வெள்ளைக் கோடு கோடாகத் திரண்டிருந்தது, அதன் ஓரத்தில் புதிதாகப் பொரி கிளம்பியிருந்தது. அன்றோடு கழுத்துக்குப் பவுடரை நிறுத்திவிட்டேன்.

லோஷனில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போதே குளிர்ச்சி தருகிறது. மிஞ்சும் துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலமாகத் தங்கி அரிப்பைத் தணிக்கிறது. வியர்த்தால் அதுவும் கரையும், ஆனால் மெல்லியதாகப் பூசியிருந்தால் திரளாது. நான் செய்தது இப்படி: சோப்பு இல்லாமல் சில்லென்ற தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு முதுகைக் காட்டிப் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பஞ்சில் நனைத்து ஒரே ஒரு பூச்சு. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. முக்கியமாக, பழைய பூச்சைக் கழுவாமல் புதியதைப் போடவே இல்லை. ஆறாம் நாள் வலது பக்கம் பொரிகள் அமுங்கி, தோல் பொடிப்பொடியாக உரிய ஆரம்பித்தது. அடைப்பும் அந்த உரிதலோடுதான் போகிறது, அதனால் அது நல்ல அறிகுறி. ஒரு குறை, லோஷன் தோலை வறட்டும். எட்டாம் நாள் கழுத்து இழுத்துப் பிடித்தது, நிறுத்தியதும் சரியாகிவிட்டது. வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினால் துளை மறுபடி அடைபடலாம், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

நேர்மையாகச் சொன்னால், பவுடர் போட்ட பக்கத்தையும் முறையாகக் கழுவிக் காயவைத்திருந்தால் வித்தியாசம் இவ்வளவு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். குணமாக்குவது இரண்டுமே இல்லை, வியர்க்காமல் இருப்பதுதான். அந்த வாரம் இறுக்கமான காலரை விட்டு, தளர்ந்த பருத்தி உடைக்கு மாறியதும், மின்விசிறியை விட்டு நகராததும் இரண்டு பக்கத்துக்குமே உதவின.

நான் பார்த்தது என் தோலில் மட்டும். கைக்குழந்தைக்கு என்றால் பவுடரைத் தூவவே மாட்டேன். தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். சில பவுடர்களில் போரிக் அமிலமும் இருக்கும். குழந்தைக்கு லோஷன் பூசுவதையும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்வேன்.

இன்னொன்று, பொரியின் நடுவில் முடி முளைத்திருந்தாலோ, வட்டமாக விளிம்பு தடித்துப் பரவினாலோ அது வேர்க்குருவாக இல்லாமல் இருக்கலாம். முடிக்கால் அழற்சியோ படர்தாமரையோ என்று பார்க்க வேண்டும். சீழ் கோத்து, தொட்டால் வலித்து, காய்ச்சலும் சேர்ந்தால் இரண்டு பாட்டிலையும் மூடி வைத்துவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.