வசவை எழுதுவதா, புள்ளி வைப்பதா, மறைப்பதா?

காசிமேட்டில் ஐஸ் கொடுத்தவன் படகுக்காரரிடம் பாக்கி கேட்கிறான். இதே காட்சியை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலில் எல்லா வசவையும் அப்படியே போட்டேன்.

"காசு எங்கடா பேமானி?"
"போடா கம்மனாட்டி, தரமாட்டேன்."
"சோமாரி, பொறம்போக்கு..."

நிஜத்தில் இப்படித்தான் பேசுவார்கள், ஆனால் நேரில் குரலும் கையும் முகமும் சேர்ந்து வருகிறது, தாளில் சொல் மட்டும்தான், அதனால் மூன்றாவது வரியிலேயே கண் வசவைத் தாண்டி ஓடிவிடுகிறது. அதைவிடப் பெரிய கோளாறு, இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

அடுத்து புள்ளி வைத்தேன். "டேய் ......, காசு எங்கடா?" வாசகர் சண்டையை விட்டுவிட்டு அந்த இடத்தில் என்ன சொல் என்று யோசிக்கிறார். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"கேவலமாகத் திட்டினான்" என்று கதைசொல்லியே சொல்லிவிடுவது மூன்றாவது வழி. சண்டை தள்ளி நடக்கும்போது, பக்கத்து வீட்டுப் பையன் சுவர் வழியாகக் கேட்கிறான் என்றால் இது நன்றாகவே நிற்கும். நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் சூடு ஆறிப்போகும்.

நான்காவதுதான் நான் வைத்துக்கொண்டது:

"அண்ணே, ஐஸ் காசு ஒன்பது நாளாச்சு."
"தரேன்னேன்ல."
"நேத்தும் அதான் சொன்னீங்க."
"நாளைக்கு வா, போ."
"நாளைக்கு எதுக்கு? உன் பேட்டரியக் கழட்டிக்கினு போறேன். எட்றா சாவிய, பேமானி."

மரியாதை எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். 'அண்ணே', 'சொன்னீங்க' என்று இருந்தவன் 'உன்' என்கிறான், அப்புறம் 'எட்றா'. தமிழில் கோபத்தின் பாதி வேலையை இந்த இறக்கமே செய்துவிடுகிறது, கடைசியில் ஒரே ஒரு வசவு போதும். அந்த ஒன்றையும் பொருள் பார்த்துத்தான் எடுத்தேன். பேமானி என்றால் நேர்மை கெட்டவன், அது பாக்கிச் சண்டைக்கு நேராகப் பொருந்துகிறது. கம்மனாட்டி கைம்பெண்ணைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, அதை இங்கே போட்டால் வெறும் சத்தம்தான், ஆனால் கணவனை இழந்த ஒருத்தியின் காதுபட யாராவது சொன்னால் காட்சியே வேறு திசையில் போய்விடும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. கூட்டாளிகள் பேச்சில் வசவு கோபமே இல்லை, மூச்சு மாதிரி வந்துகொண்டே இருக்கும். அங்கே மரியாதை ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது, இறங்க இடமில்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு முதல் இரண்டு மூன்று வரிகளில் 'ஙொய்யால' என்று தாராளமாகப் போட்டுவிட்டுப் பிறகு குறைத்துவிடுகிறேன், வாசகரின் காது மீதியை நிரப்பிக்கொள்கிறது. அவனே அம்மா உள்ளே வந்ததும் சட்டென்று 'சரிப்பா, அப்புறம் பேசலாம்' என்று மாறினால், அதுவரை அவன் எப்படிப் பேசினான் என்பது இன்னும் உறைக்கிறது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, வசவுகளை மட்டும் அடித்துவிட்டு வாய்விட்டுப் படிக்கிறேன். முதல் வடிவில் 'காசு எங்கடா', 'தரமாட்டேன்' என்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. நான்காவதில் பேட்டரி கழன்று போகும் பயம் அப்படியே இருந்தது.