45 டிகிரியா, 60 டிகிரியா: எஃகுப் பரப்புக்கு எந்த ரோசெட்?

எஃகுக் கலம் ஒன்றில் குழாய் வந்து சேரும் வெல்டிங் ஓரத்தில் தகைவு அளக்க வேண்டியிருந்தது. ஒரே இடத்தின் திரிபை மூன்று திசைகளில் அளக்கும் மூன்று கேஜ்களின் தொகுப்புதான் ரோசெட். அதில் இரண்டு வகையும் கையில் இருந்தன. நான் ஒட்டியது 60 டிகிரி டெல்டா. அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செவ்வக ரோசெட்டில் மூன்று கேஜ்களும் 0, 45, 90 டிகிரியில் இருக்கும், டெல்டாவில் 0, 60, 120. விலை, ஒட்டும் முறை, ஒயரிங் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். சமன்பாடு செவ்வகத்தில் கொஞ்சம் எளிது. ஆனால் கணக்கைக் கணினி போடும்போது அதை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது.

மூன்று கேஜ்களின் ரீடிங் வரிசையாக a, b, c என்றால் டெல்டாவுக்கான கணக்கு இவ்வளவுதான்:

```
m = (a + b + c)/3
p = (2*a - b - c)/3
q = (b - c)/sqrt(3)
R = sqrt(p*p + q*q)
e1 = m + R
e2 = m - R
theta = 0.5*atan2(q, p)
```

ரீடிங் 520, 191, −51 மைக்ரோஸ்ட்ரெயின் என்று வைத்துக்கொள்வோம். m 220, R 331. முதன்மைத் திரிபுகள், அதாவது அந்த இடத்தின் மிகப் பெரிய, மிகச் சிறிய திரிபுகள், 551, −111. பெரிய முதன்மைத் திரிபு, முதல் கேஜிலிருந்து இரண்டாவதன் பக்கமாக 12.5 டிகிரி தள்ளி இருக்கிறது. இங்கே `atan2` கட்டாயம். வெறும் `atan` போட்டால் சில ரீடிங்குகளில் கோணம் 90 டிகிரி புரண்டுவிடும், பெரிய முதன்மையின் இடத்தில் சிறியது உட்கார்ந்துகொள்ளும்.

திரிபிலிருந்து தகைவுக்குப் போகும் படி இரண்டு வகைக்கும் பொது. வெறும் பரப்பில் செங்குத்துத் தகைவு பூஜ்யம், அதனால்:

```
s1 = E/(1 - v*v)*(e1 + v*e2)
s2 = E/(1 - v*v)*(e2 + v*e1)
```

எஃகுக்கு யங் குணகம் E 200 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் v 0.3 என்று போட்டால் s1 சுமார் 114 மெகாபாஸ்கல், s2 சுமார் 12. இரண்டாவது திசையில் திரிபு −111 இருந்தும் தகைவு இழுவிசையாகத்தான் வருகிறது. திரிபை நேராக E-யால் பெருக்கியிருந்தால் −22 என்று தவறான குறியோடு வந்திருக்கும்.

சரி, என்னை டெல்டா பக்கம் இழுத்த காரணத்துக்கு வருகிறேன்: ஒயர் மாறிப்போவது. ஆறு மெல்லிய ஒயர்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்பி டேட்டா லாகரின் மூன்று சேனல்களுக்குப் போகின்றன. நடுவில் இரண்டு இடம் மாறினால் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. அதே திரிபுநிலையைச் செவ்வக ரோசெட் 520, 360, −80 என்று படிக்கும். அதில் b-யும் c-யும் இடம் மாறிவிட்டால் கணக்கில் 520, −80, 360 போகும். வெளியே வருவது 966, −86. s1 114-க்குப் பதிலாக 207 மெகாபாஸ்கல்! எண் நம்பும்படியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. செவ்வகத்தில் a, c மட்டும் தங்களுக்குள் மாறினால் பரவாயில்லை, அளவு மாறாது. நடுக் கேஜ் சம்பந்தப்பட்டால்தான் வினை.

டெல்டாவில் மூன்று கேஜ்களும் சமமானவை. எந்த இரண்டு மாறினாலும், ஏன் மூன்றும் சுற்றி மாறினாலும், 551, −111 அப்படியே வரும். கெடுவது கோணம் மட்டுமே. தகைவு அனுமதி வரம்புக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் அளவு பிழைத்தது, அது போதும். கோணமும் வேண்டுமென்றால் சுமை ஏற்றும் முன் ஒவ்வொரு கேஜுக்கும் தனித்தனியாக ஷன்ட் ரெசிஸ்டரை இணைத்து, எந்தச் சேனல் குதிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இதைச் செவ்வகத்துக்கும் செய்யலாம். ஆனால் அங்கே விட்டுப்போனால் தகைவே தப்பாகிவிடும்.

ரீடிங் பிழையிலும் இதே சமச்சீர் உதவுகிறது. ஒவ்வொரு கேஜிலும் ±5 மைக்ரோஸ்ட்ரெயின் தற்செயல் பிழை இருந்தால், டெல்டாவில் முதன்மைத் திரிபு எந்தத் திசையில் இருந்தாலும் அதன் பிழை ±5-தான். செவ்வகத்தில் முதன்மைத் திசை நடுக் கேஜோடு சேர்ந்துவிட்டால், அதற்குக் குறுக்கான முதன்மைத் திரிபு a + c − b என்றாகி, மூன்று பிழைகளும் கூடி ±8.7 ஆகிவிடும்.

திசை முன்கூட்டியே தெரிந்த இடத்தில் எனக்குச் செவ்வகத்தின் மேல் குறை இல்லை. முறுக்கு மட்டும் தாங்கும் தண்டில் முதன்மைத் திசை அச்சுக்கு 45 டிகிரி. a, c இரண்டையும் அந்தத் திசைகளில் ஒட்டினால் அந்த ரீடிங்குகளே முதன்மைத் திரிபுகள், பிழையும் ஒரு கேஜின் பிழைதான். b கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். காட்டாவிட்டால் வளைவோ அச்சு விசையோ கலந்திருக்கிறது, இல்லை ரோசெட் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட தண்டு வந்தால் நானே செவ்வகத்தைத்தான் எடுப்பேன். இதெல்லாம் கேஜ்கள் பக்கம் பக்கமாக இருக்கும் தட்டை ரோசெட்டை வைத்துச் சொல்வது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வகையில் எனக்குப் பழக்கம் குறைவு. வெல்டிங் விளிம்பில் திரிபு சட்டென்று மாறும் இடத்தில் அதுவே மேலாக இருக்கலாம்.