சிசிடிவி போடப் போகிறவர்கள் கவனம்: 480,000 ரூபா கொடுத்தோம், இருட்டினால் கதவு திறந்து கிடக்கிறது

கொழும்பில் கடைக்கோ ஸ்டோருக்கோ கமரா போட யாராவது கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தால், அட்வான்ஸ் கொடுக்குமுன் இதைப் படியுங்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை. முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட்பாஸ் பக்கம் எங்களுக்கு ஒரு துணி ஸ்டோர் இருக்கிறது. நாங்கள் கேட்டது 12 கமரா, பின்கதவுக்கு விரல் வைத்துத் திறக்கும் பூட்டு, 30 நாள் பதிவு. பிடித்தது ஒன்லைனில் விளம்பரம் போட்டு, நேரில் வந்து அளவெடுத்துப் பொருத்தித் தரும் ஒரு கடையை. பெயர் வேண்டாம். இந்த மாதிரிக் கடைகள் ஊரெல்லாம் இருக்கின்றன.

வந்த பையன் நல்ல மரியாதை. "அண்ணே, அண்ணே" என்று ஸ்டோர் முழுக்க நடந்து பார்த்தான், மேசையிலிருந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டான். பெட்டியைத் திறந்து, கமரா கேபிள் எல்லாம் வந்து செருகும் நெட்வேர்க் சுவிட்சைக் காட்டி, "இதில 16 போர்ட் இருக்கு அண்ணே, ஒவ்வொன்றும் 30 வாட் கொடுக்கும். கமராவுக்கும் கதவுக்கும் தனி கரண்ட் வயரே வேண்டாம், எல்லாம் ஒரே கேபிள்" என்றான். மனைவியும் தலையாட்டினாள். அன்றே பாதிப் பணம் கொடுத்தோம், பொருத்தி முடித்ததும் மீதி. மொத்தம் 480,000 ரூபா, காசாக.

பகலில் எல்லாம் அழகாக ஓடியது. இருட்டியதும் பின்கதவின் பூட்டு விட்டுவிடும், தள்ளினால் திறக்கும். விடிந்ததும் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஃபோன் செய்தால், "கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டீங்க சேர்." அண்ணன் சேராகிவிட்டேன். டெக்னீஷியன் வந்தான், பகல் 11 மணிக்கு. கதவு இறுக்கமாகப் பூட்டியிருந்தது. "பாருங்க, பிரச்சினையே இல்லை" என்று போய்விட்டான். இரவில் வரச் சொன்னால் ஆறு மணிக்குப் பிறகு சேவை இல்லையாம். பிறகு "மின்சார சபை வோல்டேஜ் சரியில்லை" என்றார்கள். அதற்கும் பிறகு வட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

கடைசியில் நெட்வேர்க் வேலை செய்யும் என் மருமகன் ஒரு மாலை லப்டொப்போடு வந்தான். சுவிட்சின் அடிப்பக்க லேபிளைத்தான் முதலில் பார்த்தான். ஒரு போர்ட்டுக்கு 30 வாட் என்பது உண்மைதான், ஆனால் 16 போர்ட்டும் சேர்ந்து எடுக்கக்கூடியது மொத்தம் 120 வாட். நெட்வேர்க் கேபிளிலேயே கரண்டும் அனுப்புவதற்குப் பெயர் பி.ஓ.இ, இந்த மொத்த வாட்டைத்தான் பி.ஓ.இ பட்ஜெட் என்கிறார்கள். பையன் அந்த வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"மாமா, கணக்குப் பாருங்க" என்றான். எங்கள் கமரா பகலில் 5 வாட் எடுக்கும். 12 கமராவுக்கு 60. கதவுக் கொன்ட்ரோலரும் காந்தப் பூட்டும் சேர்த்து சுமார் 11 வாட், ஏனென்றால் பூட்டு மட்டுமே 12 வோல்ட்டில் அரை அம்பியர் இழுக்கிறது. ஆக பகலில் 71, சுவிட்சுக்கு அது ஒன்றுமில்லை. இருட்டினால் கமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், அப்போது ஒன்று 9.5 வாட். 12 கமராவுக்கு 114, கதவையும் சேர்த்தால் 125. பட்ஜெட் தாண்டியதும் சுவிட்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு போர்ட்டை அணைக்கிறது. எங்கள் சுவிட்ச் பெரிய எண்ணிலிருந்துதான் அணைக்கும். கதவைச் செருகியிருந்தது 16ஆவது போர்ட்டில்.

காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும்வரைதான் பிடிக்கும். தீ பிடித்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் முதலில் அணையும் போர்ட்டில் செருகியவனை என்ன சொல்வது? பூட்டுக்குத் தனியாக 12 வோல்ட் பவர் சப்ளையும் ஒரு பற்றரியும் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கொட்டேஷன் 480,000, அதில் ஒரு பற்றரிக்கு இடமில்லை!

அடுத்தது பின்கேட் கமரா. அதுவும் இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும், முதலில் இதையும் பட்ஜெட் என்றே நினைத்தோம். மருமகன் கேபிளின் இரு முனையையும் பார்க்கச் சொன்னான். உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும், யாருக்கும் தெரிவதில்லை. ஒரு முனையில் 41, மறுமுனையில் 172. கழித்தால் 131 மீட்டர். இந்தக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர், அதிலும் சுவரில் ஓடுவது 90, இரு பக்கமும் செருகும் துண்டு வயர்களுக்கு 10. கடைக்காரனிடம் கேட்டபோது "சுவிட்சில பட்டன் இருக்கு சேர், 250 மீட்டர் போகும்" என்றான். பட்டன் இருக்கிறது. அது அந்தப் போர்ட்டின் வேகத்தை 10 எம்.பி.பி.எஸ்ஸாக இறக்கித் தகவலைத் தூரம் கொண்டுபோகும். வயரில் விழும் வோல்டேஜுக்கு அது ஒன்றும் செய்யாது.

அதற்குமேல் கம்பியும் செம்பு இல்லை. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர். அதே தடிப்பில் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை. இரவில் விளக்கு எரிந்து கரண்ட் கூடும்போது மறுமுனையில் வோல்டேஜ் விழுகிறது, கமரா அணைகிறது, மறுபடி உயிர் பெறுகிறது. பில்லில் மட்டும் செம்பு விலை.

இப்போது வயிற்றெரிச்சலான பகுதி. இருப்பு எண்ணியபோது சில துணிக்கட்டுகள் குறைந்தன. இரண்டு வாரத்துக்கு முந்திய இரவுகளைத் தேடினோம். ரெக்கோர்டரில் ஏழு நாள்தான் இருந்தது. 30 நாள் என்று எழுதிக் கொடுத்தவர்கள் போட்டது ஒரே ஒரு 4 டெராபைட் டிஸ்க். ஒரு கமரா 4 எம்.பி.பி.எஸ் பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு 4 மெகாபிட் வீதம், இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்கு 43 கிகாபைட். 12 கமராவுக்கு ஏறக்குறைய 518. நாலாயிரத்தை 518ஆல் வகுத்தால் எட்டு நாள்கூட வராது. 30 நாளுக்கு 15 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். பொலிஸ் கேட்டது வீடியோ. கொடுக்க என்ன இருக்கிறது?

இதற்கு அவர்கள் சொன்ன தீர்வைக் கேளுங்கள். "பிட்ரேட்டைக் குறைச்சு விடுறோம் சேர், 30 நாள் வந்திரும்." வரும். கமராவுக்கு 1 எம்.பி.பி.எஸ் விட வேண்டும். இருட்டில் நடக்கிறவன் முகம் மாவு பூசினதுபோல் தெரியும். வேறு டிஸ்க்குக்குத் தனிக் காசாம். 480,000 போதவில்லை அவர்களுக்கு!

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுவிட்ச் லேபிளில் மொத்த வாட்டைப் பாருங்கள், போர்ட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கமராக்களின் இரவு வாட்டைக் கூட்டி, அதற்குமேல் கால்வாசியாவது மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேபிளை நீங்களே சுரண்டிப் பாருங்கள். பதிவு எத்தனை நாள் என்பதை எந்த பிட்ரேட்டில் என்றும் சேர்த்து பில்லில் எழுத வையுங்கள். அப்புறம், மீதிக் காசை இரவு ஏழு மணிக்குமேல், எல்லாக் கமராவும் ஓடும்போது, கதவை உங்கள் கையால் இழுத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.